தளம் போட்ட அன்று மீதி எவ்வளவு?

ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்த நகர்களில் அந்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தளம் போட்டு முடிந்திருக்கும், சுவருக்குப் பூச்சு இருக்காது. ஜன்னல் வைக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடுக்கி மறைத்திருப்பார்கள். மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துச் சிவந்திருக்கும். வீட்டுக்காரரிடம் பணம் தீர்ந்துவிட்டது என்றுதான் தெருவில் பேசிக்கொள்வார்கள். சில வீடுகளில் அது உண்மை. வேறு சில வீடுகளில் பணம் தீரவில்லை, வேலைக்கு முன்பாகவே கான்ட்ராக்டர் கைக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகையை ஒப்பந்தம் போடும் அன்றே தவிர்த்திருக்க முடியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரைத்தளம் மட்டும், 1,000 சதுர அடி, இரண்டு படுக்கையறை வீடு. பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று பேசி முடித்தால் மொத்தம் 24 லட்சம். ரேட் ஊருக்கு ஊர் மாறும். இங்கே எடுத்துக்கொண்டது கணக்குக்காக மட்டும். கான்ட்ராக்டர் நீட்டும் தாளில் தவணைகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மென்ட்டுக்கு 20, லிண்டல் மட்டத்துக்கு 20, தளம் போடும்போது 30, பூச்சுக்கு 10, டைல்ஸுக்கு 5, சாவி கொடுக்கும்போது 5. பார்வைக்கு நியாயமாகத்தான் தெரியும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏதோ ஒரு தொகை இருக்கிறதே.

இப்போது தளம் வரைக்கும் கூட்டுங்கள். 80 சதவீதம், அதாவது 19 லட்சத்து 20 ஆயிரம். தளம் போட்டு முடித்த வீட்டில் உண்மையில் எவ்வளவு வேலை முடிந்திருக்கும்? சாதாரண வீடுகளில் மொத்தச் செலவில் பாதியை ஒட்டித்தான் அதுவரை ஆகியிருக்கும். மேல்பக்கம் வைத்துக் கணக்கிட்டாலும் 13 லட்சம். பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட் என்று கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிற வேலைகளெல்லாம் சேர்ந்து மீதிப் பாதியை விழுங்கும். ஆக, தளம் போட்ட அன்று கான்ட்ராக்டரிடம் உங்கள் பணம் 6 லட்சத்துக்கு மேல் கூடுதலாக நிற்கிறது. இன்னும் 11 லட்ச ரூபாய் வேலையை அவர் செய்து தர வேண்டும், அதற்கு நீங்கள் தர வேண்டியதோ 4 லட்சத்து 80 ஆயிரம்தான். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்த 6 லட்சம் அடுத்த தெருவில் இன்னொருவர் வீட்டு அஸ்திவாரத்துக்குப் போயிருக்கும். அங்கே பணம் வந்தால்தான் உங்கள் வீட்டுக்கு ஆள் வரும். "ஆள் கிடைக்கல சார், திங்கட்கிழமையிலிருந்து வந்துடுவாங்க" என்ற பேச்சு இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது.

அதே 24 லட்சத்தை வேறு மாதிரி பிரிக்கலாம். ஒப்பந்தத்தன்று 5 சதவீதம். பேஸ்மென்ட் முடிந்ததும் 15. லிண்டல் முடிந்ததும் 12. தளத்துக்கு 18, அதையும் இரண்டாக உடைத்து, கான்கிரீட் போட்டதும் 12, சென்ட்ரிங் பிரித்துப் பார்த்த பிறகு 6. இதுவரை சரியாக 50, அதாவது 12 லட்சம். பிறகு பூச்சு முடிந்ததும் 15, தரையும் கதவு ஜன்னலும் முடிந்ததும் 15, பெயின்ட்டும் ஃபிட்டிங்குகளும் முடிந்ததும் 12, சாவி வாங்கும்போது 3. கடைசி 5 சதவீதம், அதாவது 1 லட்சத்து 20 ஆயிரம், ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு. இதற்கு எல்லாக் கான்ட்ராக்டரும் உடனே தலையாட்ட மாட்டார்கள். சிறிய கான்ட்ராக்டரிடம் சுழற்சிக்குப் பணம் இருக்காது, செங்கல் லோடுக்கே கையில் காசு வேண்டும் என்பார். அது நியாயம்தான். ஒவ்வொரு கட்டத்திலும் தவணையை இரண்டாகப் பிரித்து, பொருள் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, வேலை முடிந்ததும் மறுபகுதி என்று கொடுக்கலாம். பணம் வேலைக்குப் பின்னால் வரட்டும், ஒரு வாரம் இப்படி அப்படி இருந்தாலும் தப்பில்லை.

வங்கிக் கடன் வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வங்கியும் கட்டம் கட்டமாகத்தான் பணத்தை விடும். ஆனால் முதலில் உங்கள் சொந்தப் பங்கைப் போட்டு வேலையைக் காட்டச் சொல்லும், அதன்பின் தன் இன்ஜினியரை அனுப்பிப் பார்த்துவிட்டு விடும். கான்ட்ராக்டர் கட்டத்தின் தொடக்கத்தில் கேட்கிறார், வங்கி கட்டத்தின் முடிவில் தருகிறது. நம் கணக்கில் 18 லட்சம் கடன், 6 லட்சம் சொந்தப் பணம் என்றால், ஒப்பந்தத் தவணையும் பேஸ்மென்ட் தவணையும் சேர்ந்து 4 லட்சத்து 80 ஆயிரம், அது சொந்தப் பணத்திலேயே முடிந்துவிடும். பேஸ்மென்ட்டைக் காட்டி வங்கியின் முதல் தவணைக்கு எழுதிக் கொடுக்கலாம். கட்டங்களின் பெயரும் சதவீதமும் வங்கித் தாளிலும் ஒப்பந்தத்திலும் ஒன்றுபோல இருக்கும்படி முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் இடையில் கைமாற்று வாங்கி அலைய வேண்டியிருக்காது.

வங்கி இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டார், வேலை சரியாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் வருவது மதிப்புப் போட. எத்தனை சதவீதம் எழும்பியிருக்கிறது, வரைபடத்தை மீறியிருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்துப் போய்விடுவார். கம்பியின் இடைவெளியை அளக்க அவர் வரவில்லை. அரசுத் தரப்பிலும் சிறிய வீட்டுக்கு யாரும் வந்து தரம் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம், கட்டி முடித்த பிறகு முடிவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சல் குறைந்தது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பரிசோதனை முழுக்க வீட்டுக்காரர் தலையில் வந்து விழுகிறது. கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை, வந்து பார்க்கும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்வதுதான் வழி. அவர் தினமும் வர வேண்டியதில்லை. எதையெல்லாம் மூடப்போகிறார்களோ அதை மூடுவதற்கு முந்தின நாள் வந்தால் போதும். ஒரு வீட்டில் அப்படி மூன்று சமயங்கள் உண்டு.

முதலாவது, வானம் தோண்டிய குழியில் கான்கிரீட் கொட்டுவதற்கு முன். பார்க்க வேண்டியது ஆழமும் அடிமண்ணும். வரைபடத்தில் 5 அடி என்றிருந்தால் குழிக்குள் டேப்பை விட்டு, டேப் தெரிகிற மாதிரி ஒவ்வொரு குழியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கடப்பாரையை ஓங்கிக் குத்தினால் சுலபமாக இறங்கும் மண் இருக்கக் கூடாது. பழைய குப்பை மேடு, தூர்த்த கிணறு, வாய்க்கால் கரை என்று மனைக்கு ஒரு சரித்திரம் இருந்தால் ஒரு குழியில் மட்டும் மண் வேறு மாதிரி இருக்கும், அந்தக் குழியை இன்னும் ஆழப்படுத்த வேண்டும். கரிசல் பூமியில் கதையே வேறு. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது, அங்கே மேலோட்டமான அஸ்திவாரம் போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். குழியில் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டுத்தான் கான்கிரீட். ஃபுட்டிங் கம்பி வலை மண்ணில் படுத்துக்கிடக்கக் கூடாது, அடியிலும் பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் கான்கிரீட் அதை மூட வேண்டும். இந்தப் போட்டோக்களும் இன்ஜினியரின் ஒரு வரி வாட்ஸ்அப் செய்தியும் கைக்கு வந்த பிறகுதான் பேஸ்மென்ட் தவணை. ஒப்பந்தத்தில் இதை ஒரு வாக்கியமாக எழுதிவிட்டால் போதும்.

பேஸ்மென்ட் வரை ஒன்றரை மாதம் பிடிக்கும். உள்ளே மண் கொட்டி மேவுவதைத்தான் அவசரப்படுத்துவார்கள். ஒரே மூச்சில் நிரப்பாமல் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு டைல்ஸ் தரை அங்கங்கே இறங்கும். கரையான் மருந்து அடிப்பதும் இப்போதுதான். அங்கிருந்து லிண்டல் வரைக்கும் ஒரு மாதம். அந்தக் கட்டத்தில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதும், சுவருக்கு வாரம் முழுக்கத் தண்ணீர் காட்டுகிறார்களா என்று பார்ப்பதும்தான் வேலை, பெரிய மர்மம் ஒன்றுமில்லை.

மர்மமெல்லாம் தளத்தில்தான். கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் கொட்டுவதற்கு நடுவில் உள்ள அந்த ஒரு நாளை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். "நாளைக்குக் காலையில மிக்சர் வருது, ஆள் சொல்லியாச்சு" என்று முந்தின நாள் சாயங்காலம் போன் வரும். அதனால்தான் கம்பி வேலை முடிந்து 24 மணி நேரம் கழித்தே கான்கிரீட் என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜினியர் மேலே ஏறியதும் கம்பியின் தடிமனையும் இடைவெளியையும் வரைபடத்தோடு ஒத்துப் பார்ப்பார். நீங்களும் கூடவே ஏறிப் பாருங்கள். கம்பி வலைக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா? சாதாரண வீட்டுத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். அதற்குப் பதிலாக ஜல்லிக் கல்லைத் தள்ளி வைத்திருந்தால், ஆள் மிதித்ததும் அது உருண்டு கம்பி பலகையோடு ஒட்டிவிடும். பத்து வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து உப்பி, கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும் வீடுகளில் ஆரம்பம் பெரும்பாலும் இந்தக் கல்தான்.

இன்னொன்று, சன்ஷேடும் பால்கனியும். இரு பக்கமும் சுவரில் உட்காரும் தளத்தில் பாரம் ஏறினால் நடுவில் கீழ்ப்பக்கம் இழுபடும், அதனால் முக்கியக் கம்பி அங்கே கீழே இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் இது தலைகீழ். இழுபடுவது மேல்பக்கம், முக்கியக் கம்பி மேலே இருந்தாக வேண்டும். பழக்கத்தில் அதையும் கீழே கட்டிவிட்டாலோ, மேலே கட்டிய கம்பியைக் கான்கிரீட் சட்டியோடு நடப்பவர்கள் மிதித்து அழுத்திவிட்டாலோ, முட்டைப் பிடுங்கிய அன்றே அது தொங்கிவிடும், ஆளின் மேலேயே விழுந்ததும் உண்டு. உள்சுவருக்கு மேலே தளம் தொடர்ந்து போகும் இடத்திலும் மேல்கம்பி உண்டு, அதுவும் மிதியில் இறங்குகிற ஜாதிதான். கம்பியிலேயே வளைத்த சின்ன நாற்காலிகளை அடியில் கொடுத்து, நடப்பதற்குப் பலகை போட்டுவிட்டால் தீர்ந்தது.

நம் வீட்டுத் தளம் 5 அங்குலக் கனம் என்றால் பீம் சேராமல் கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும். எம்-20 கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட், ஆக நூறு மூட்டையை ஒட்டிச் செலவாகும். காலையில் மூட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டு மாலையில் காலிச் சாக்குகளை எண்ணினாலே ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும். மூட்டையைவிடக் கெடுதல் செய்வது தண்ணீர். கலவை கெட்டியாக இருந்தால் பரப்ப உடம்பு வலிக்கும், அதனால் மிக்சரில் இன்னொரு வாளி சாய்ப்பார்கள். அந்த வாளி தளத்தின் பலத்தைத் தின்கிறது. வைப்ரேட்டர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆறு கனசதுர அச்சுகளில் அதே கலவையை நிரப்பி, மூன்றை 7-ஆம் நாளிலும் மூன்றை 28-ஆம் நாளிலும் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்கச் சொல்லலாம். பக்கத்தில் பொறியியல் கல்லூரி இருந்தால் அங்கேயே செய்து தருவார்கள். தனி வீட்டுக்கு இதை யாரும் கேட்பதில்லை. கேட்கப்போகிறீர்கள் என்று முன்பே தெரிந்தாலே அந்த வாளி கையிலேயே நின்றுவிடும்.

மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாள் என்கிறது. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாவது வகைதான், 14 நாள் விடுவது நல்லது. முட்டு பிரிப்பதற்கும் அதே தரநிலையில் கணக்கு இருக்கிறது. சாதாரண சிமென்ட் என்றால், நாலரை மீட்டர் வரை அகலமுள்ள அறையின் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள். சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு இன்னும் கூடுதலாக விட வேண்டும். வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் ஷீட் அடுத்த வேலைக்குப் போக வேண்டுமே என்று பத்தாம் நாளே பிரிக்கக் கேட்பார்கள். தளத் தவணையில் 6 சதவீதத்தை நிறுத்தி வைத்ததற்குப் பயன் இங்கேதான். பிரித்த பிறகு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஜல்லி மட்டும் தெரிகிற தேன்கூட்டு ஓட்டைகள், வெளியே தெரியும் கம்பி, ஈரத் திட்டுகள் இருந்தால், சிமென்ட் பால் பூசி மறைப்பதற்கு முன் இன்ஜினியர் பார்க்க வேண்டும். அதன்பின்தான் அந்த 1 லட்சத்து 44 ஆயிரம்.

இந்தக் காத்திருப்பு நாட்களில் வேலை நிற்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். வீடு முடிய எட்டு, ஒன்பது மாதம் ஆகும் என்று சொல்வதில் ஒரு பகுதி இப்படித் தண்ணீர் நிறுத்தியிருக்கும் காலம்தான். தையில் பூமி பூஜை போட்டால் சித்திரை, வைகாசியில் தளம் விழும், ஐப்பசி மழைக்குள் வெளிப்பூச்சு முடிந்துவிடும். ஆவணியில் தொடங்கினால் வானம் தோண்டிய குழியில் மழைநீரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது சமயம் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் முன்னால் வருகிறது. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் இதற்குள் பணம் போய்விட்டிருக்கும், கவனமும் பெயின்ட் நிறத்துக்குப் போய்விட்டிருக்கும். சுவரைக் கொத்திப் பதித்த தண்ணீர்க் குழாய்களை மூடுவதற்கு முன் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் கோழி வலை அடித்துவிட்டுப் பூசினால் அங்கே நேர்கோட்டு விரிசல் வராது. ஒவ்வொரு சுவரையும் வயர் பைப் தெரிய, பக்கத்தில் டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது அருமை தெரியும்.

குளியலறைத் தரையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசியதும், வடிகால் வாயை அடைத்து இரண்டு மூன்று அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள். வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், அது வேறு. கோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிய இறங்கினாலோ, படுக்கையறைப் பக்கச் சுவரின் அடியில் ஈரம் பூத்தாலோ டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். இப்போது சரிசெய்ய ஒரு நாள் வேலை, டைல்ஸ் ஒட்டிய பிறகென்றால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். ஒட்டிய டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தால் உள்ளே கலவை இல்லாத இடம் டொக்கென்று காலியாகக் கேட்கும், அங்கே சாக்பீஸால் குறியிட்டுக் காட்டி மாற்றச் சொல்லலாம்.

கடைசிக் கட்டத்தைக் கெடுப்பது கிரகப்பிரவேச முகூர்த்தம். பத்திரிகை அடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று தெரிந்ததும், பேரம் பேசும் பலம் கான்ட்ராக்டர் பக்கம் சாய்ந்துவிடும். பால் காய்ச்சுவதற்கு நாலு நாள் முன்பு, "மீதியை செட்டில் பண்ணிட்டீங்கன்னா பெயின்ட் ஆளை ராத்திரியே இறக்கிடறேன்" என்பார். எக்ஸ்ட்ரா வேலை என்று ஒரு நீளப் பட்டியலும் கூடவே வரும். லாஃப்ட் ஒன்று கூட்டியது, சம்ப்பைப் பெரிதாக்கியது, படிக்கட்டுக்குக் கிரானைட் என்று. அவற்றில் பல நீங்கள் வாய்வார்த்தையாகச் சொன்னவைதான், ரேட் மட்டும் பேசாமல் விட்டது. எழுத்தில் ரேட் ஒப்புக்கொள்ளாத எக்ஸ்ட்ராவுக்குப் பணம் கிடையாது என்பதை ஒப்பந்தத்தில் போட்டு, ஒவ்வொரு கூடுதல் வேலையையும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் தொகையோடு முடித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத் தேதியைப் பூச்சு முடிந்த பிறகு பார்ப்பதும் ஒரு வழி, வீட்டுப் பெரியவர்கள் கேட்டால்.

மழைக்காலம் வரை நிறுத்தி வைக்கும் அந்த 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு என்னென்ன தீர வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் வடிகிறதா, தளத்தில் ஒழுகல் உண்டா, ஜன்னல் ஓரத்தில் ஈரம் இறங்குகிறதா, கதவுகள் உப்பிச் சிக்குகின்றனவா. பட்டியலில் இல்லாததைச் சொல்லிப் பணத்தைப் பிடித்து வைத்தால் அது உங்கள் பக்கத்துத் தவறாகிவிடும்.

அப்படியும் பாதியில் நின்றுவிட்டால்? அடுக்குமாடி விற்பவரைக் கட்டுப்படுத்தும் ரெரா சட்டம் உங்கள் சொந்த மனையில் கட்டும் கான்ட்ராக்டருக்குப் பொதுவாக உதவிக்கு வராது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. போவதற்கு முன், வேறு ஆளை வைத்து வேலையைத் தொடர்ந்துவிடாதீர்கள். முதலில் கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் தேதி குறித்து எழுதி அழைத்து, அவர் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் இன்ஜினியரை வைத்து நின்ற நிலையில் வேலையை அளந்து, தேதியோடு படங்கள் எடுத்து, இதுவரை நடந்த வேலையின் மதிப்பு இவ்வளவு, கொடுத்த பணம் இவ்வளவு என்று அறிக்கை வாங்குங்கள். கொடுத்ததெல்லாம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும், கட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு. அடுத்த கொத்தனார் ஒரு வரி செங்கல் வைத்துவிட்டாலும், யார் எதுவரை செய்தார்கள் என்ற கணக்கு கலைந்துவிடும்.